பேட்டன்ட்டா, டிரேட்மார்க்கா, பாசிங் ஆஃபா?

“மடக்கு லேப்டாப் ஸ்டாண்ட் இரண்டு வருஷமாக விற்கிறேன். எதையும் பதிவு செய்யவில்லை. இப்போது ஒருவர் அதே கீல், கிட்டத்தட்ட அதே பெயர், அதே நிறப் பெட்டியில் விற்கிறார். பேட்டன்ட் எடுக்கலாமா?”

பேட்டன்ட் இனி கிடைக்காது. விண்ணப்பிக்கும் நாளில் கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும். நீங்களே வெளிப்படையாக விற்றதில் அந்தப் புதுமை போய்விட்டது. வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்கச் சலுகைக் காலம் தரும் நாடுகளிலும் அது அதிகபட்சம் ஒரு வருஷம்தான். அதனால் கீலை விட்டுவிட்டு, பெயரையும் பெட்டியையும் பிடியுங்கள்.

ஆங்கிலேயச் சட்ட மரபு உள்ள நாடுகளில், பதிவு இல்லாமலேயே பாசிங் ஆஃப் வழக்கு, அதாவது தன் பொருளை உங்களுடையது போலக் காட்டி விற்பதற்கு எதிரான வழக்கு, போடலாம். மூன்றைக் காட்ட வேண்டும்: உங்கள் பெயருக்கோ பெட்டிக்கோ வாடிக்கையாளரிடம் மதிப்பு இருக்கிறது, அவர் செய்வது மக்களைக் குழப்புகிறது, அதனால் உங்களுக்கு நஷ்டம். பிரிட்டனில் 1990-இல் ஜிஃப் எலுமிச்சைச் சாறு வழக்கு எலுமிச்சை வடிவ டப்பாவுக்காகவே ஜெயித்தது. ஆனால் அந்த டப்பா பல வருஷம் சந்தையில் இருந்தது. உங்களுக்கு இரண்டே வருஷம் என்பதால் ஆதாரம்தான் எல்லாம். தேதியிட்ட பில்கள், விளம்பரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய ஸ்டாண்ட் உடைந்ததும் உங்களிடம் புகார் அனுப்பியவர்களின் மெசேஜ்கள். அவற்றை அழிக்காமல் இன்றே எடுத்து வையுங்கள்.

கூடவே டிரேட்மார்க் விண்ணப்பமும் போடுங்கள், அவர் முந்திக்கொள்வதற்குள். பதிவு கிடைத்துவிட்டால் அடுத்த முறை அந்த மதிப்பை நிரூபிக்கும் வேலை மிச்சம். ஒன்று மட்டும்: பெயர் வெறும் ‘மடக்கு ஸ்டாண்ட்’ மாதிரி பொருளையே சொல்வதாக இருந்தால், இரண்டு வழியிலும் கஷ்டம். உங்கள் பெயர் எப்படி?