கொதிக்க வச்ச மட்டன் குழம்பு ஏன் வயித்த கலக்குது?

கேள்வி: நாங்க நாலு பேர் பெங்களூர் பானஸ்வாடில ஒரே வீட்ல இருக்கோம், எல்லாரும் மதுரை பக்கம். ஞாயித்துக்கிழமை ரெண்டு கிலோ மட்டன் எடுத்து பெரிய குண்டால குழம்பு வச்சோம். ஃப்ரிட்ஜ்ல எடம் இல்லாததால அடுப்பு மேலயே மூடி வச்சிட்டோம். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு நல்லா தளதளன்னு கொதிக்க வச்சோம், நைட்டு ஒம்போது மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்து லேசா சூடு பண்ணி சாப்ட்டோம். செவ்வாய்க்கிழமை விடியக்காலைல மூணு பேருக்கு வயித்து வலி, பேதி. ரசம் மட்டும் ஊத்தி சாப்ட்டவனுக்கு ஒண்ணும் இல்ல. குழம்பு வாசம் கூட மாறல. கொதிச்சா கிருமி செத்துடும்ல? எங்கம்மா மூணு நாள் சுட வச்சு தான குடுத்தாங்க? மிச்சத்த இன்னொரு தடவ கொதிக்க வச்சு சாப்பிடலாமா?

பதில்: மிச்சம் இருக்குறத மொதல்ல கொட்டிடுங்க தம்பி, மனசு கேக்காது, ரெண்டு கிலோ மட்டன் என்ன வெலன்னு எனக்கும் தெரியும், ஆனா கொட்டிடுங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

டெஸ்ட் பண்ணாம அடிச்சு சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்ற நேரக்கணக்கு, ராத்திரி ஒம்போதுக்கு சாப்பாடு, விடியக்காலைல சுருட்டி இழுக்குற வலி, தண்ணியா பேதி, இது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ்னு ஒரு பாக்டீரியாவோட வேலை மாதிரியே இருக்கு. இது ஆடு, மாடு, கோழி குடல்லயும் மண்ணுலயும் சாதாரணமா இருக்குறது, அதனால கறியிலயும் இருக்கும், மசாலா தூள்லயும் இருக்கும், எந்த சுத்தமான கடைல வாங்குனாலும் கொஞ்சம் கூடவே வரும். சாப்ட்டு 6 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள வயித்த பிடிக்கும், பெரும்பாலும் வாந்தியும் இருக்காது காய்ச்சலும் இருக்காது, ஒரு நாள்ல சரியாயிடும். பெரிய பாத்திரத்துல கறி சமைச்சு மெதுவா ஆற விடுற எடத்துல எல்லாம் இது வரும், ஹாஸ்டல், கல்யாண வீடு, கேன்டீன் எல்லாம் இதுல அடக்கம்.

கொதிச்சா செத்துடும்ல அப்படின்னு கேட்டீங்கல்ல, சாகும், ஆனா எது சாகும்கிறது தான் விஷயம். இந்த பாக்டீரியா ரெண்டு நெலைல இருக்கும். ஒண்ணு சாதாரணமா தின்னு வளர்ந்து ரெண்டா பிரியுற செல், இது 70, 75 டிகிரிலயே செத்துடும். இன்னொண்ணு ஸ்போர். சூழ்நெலை சரியில்லன்னு தெரிஞ்சா அந்த செல்லு தன்னோட டிஎன்ஏவையும் அவசியமான சாமானையும் உள்ள ஒரு சின்ன அறைல வச்சு, அந்த அறைல இருக்குற தண்ணிய பெரும்பாலும் வெளிய தள்ளி, அந்த எடத்துல கால்சியமும் டைபிகோலினிக் ஆசிட்னு ஒரு பொருளும் சேத்து கெட்டியாக்கி, டிஎன்ஏவ சுத்தி சின்ன சின்ன புரோட்டீன் ஒட்டி, மேல பல அடுக்கு ஓடு போட்டு மூடிடும். கொதிநீர் ஒரு செல்ல கொல்றதுன்னா அதோட புரோட்டீன முட்டை வெள்ள மாதிரி உறைய வச்சு தான் கொல்லுது, உள்ள தண்ணி இருந்தா தான் அது சுளுவா நடக்கும், ஸ்போருக்குள்ள அந்த தண்ணியே ரொம்ப கம்மி. அதனால வயித்துக்கோளாறு உண்டாக்குற சில ரகங்களோட ஸ்போர் ஒரு மணி நேரம் கொதிச்சாலும் ஒரு பங்கு உசுரோட இருக்கும். இதுல பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, அங்க தண்ணி 97 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், ஆனா அந்த மூணு டிகிரியால பெருசா வித்தியாசம் இல்ல, சென்னைல நூறு டிகிரில கொதிச்சாலும் ஸ்போர் தாங்கத்தான் போகுது.

இதவிட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு. நல்ல சூடு பட்டா பல ஸ்போருக்கு அது எழுந்திருன்னு சொல்ற சிக்னல். கூட போட்டிக்கு இருந்த மத்த பாக்டீரியா எல்லாம் கொதியில செத்தாச்சு. குழம்புல கலந்திருந்த ஆக்சிஜனும் கொதிக்கும்போது வெளிய போயிடுச்சு, இந்த கிருமிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது, அதனால அதுக்கு அதுவும் லாபம். கறியில இருந்து எறங்குன சத்து சாறு வேற இருக்கு. கொதிச்சு முடிஞ்ச குழம்பு ஆற ஆரம்பிக்கிற நேரம் தான் அதுக்கு திருவிழா.

இப்ப உங்க குண்டாவ எடுத்துக்குவோம். நாலஞ்சு லிட்டர் கெட்டி குழம்பு, மூடி போட்டது. காலைல எட்டு மணிக்கு கொதிச்சு அடுப்ப அணைச்சீங்க. ரூம்ல 24 டிகிரின்னு வச்சிக்கிட்டா கூட, அவ்ளோ பெரிய பாத்திரம் 50 டிகிரிக்கு எறங்கவே சுமார் ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும், அங்க இருந்து 30க்கு வர இன்னும் நாலு மணி நேரம். அதாவது பதினோரு மணில இருந்து மூணு மணி வரைக்கும் உங்க குழம்பு இந்த கிருமிக்கு ரொம்ப பிடிச்ச சூட்டுல உக்காந்திருக்கு, நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. 43ல இருந்து 47 டிகிரி வரைக்கும் இது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகக்கூடிய பாக்டீரியா, சாப்பாட்டு கிருமிங்கள்ல ரொம்ப வேகமா வளர்றதுல இதுவும் ஒண்ணு. ஒரு கிராம்ல பத்தே பத்து உசுரோட இருந்துச்சுன்னா, பதினேழு தடவ ரெட்டிச்சா ஒரு கிராமுக்கு 13 லட்சம், அதுக்கு மூணு மணி நேரம் கூட வேணாம். நெஜத்துல ஸ்போர் முழிக்க கொஞ்ச நேரம் எடுக்கும், எல்லா நேரமும் அதே வேகத்துல வளராது, ஆனாலும் பதிமூணு மணி நேரம் இருந்துச்சே. கிராமுக்கு பத்து லட்சம் தாண்டுனா வயிறு தாங்காது. அந்த அளவு வந்தாலும் வாசம், ருசி மாறணும்னு கட்டாயம் இல்ல, அதனால மோந்து பாக்குறத நம்பாதீங்க.

பெங்களூர்ல குளிர் தான, கெடாதுன்னு நெறைய பேரு சொல்றாங்க. ஆறி முடிஞ்ச சாப்பாட்டுக்கு அது கொஞ்சம் உதவும், கொதிக்கிற குண்டாவுக்கு பெருசா உதவாது, ஏன்னா பிரச்சனை எல்லாம் நடுவுல ஆறுற நேரத்துல தான்.

நைட்டு ஒம்போதுக்கு நீங்க லேசா சூடு பண்ணது தான் கடைசி தப்பு. இந்த கிருமி கலந்த குழம்புல உங்கள படுக்க வைக்கிற விஷம் ரெடியா இருக்காது, உசுரோட உள்ள போற செல்லு உங்க சிறுகுடல்ல போய் திரும்ப ஸ்போரா மாறும்போது தான் அந்த விஷத்த விடும். அதனால அன்னிக்கு தட்டுல போடுறதுக்கு முன்னாடி முழுசா கெளறி கெளறி கொதிக்க விட்டிருந்தா இந்த கிருமியோட செல்லு செத்திருக்கும், உங்களுக்கு அனேகமா ஒண்ணும் ஆகியிருக்காது. ஓரத்துல கொமிழி வந்துச்சேன்னு எறக்குனா பத்தாது, கெட்டி குழம்புல ஓரம் கொதிக்கும்போது நடுவுல இருக்குற கறித்துண்டு வெதுவெதுப்பா தான் இருக்கும்.

அப்ப தெனம் நல்லா கொதிக்க வச்சா போதுமேன்னு தோணும். நியாயமான கேள்வி தான், 1877ல ஜான் டிண்டால்ங்கிற விஞ்ஞானி இதையே ஒரு முறையா பண்ணிக் காட்டுனாரு. மணிக்கணக்கா கொதிச்சும் சாகாத வைக்கோல் கஷாயத்துல, இடைவெளி விட்டு திரும்ப திரும்ப கொதிக்க வச்சு, நடுவுல முழிச்ச ஸ்போர அடுத்த கொதியில கொன்னாரு. ஆனா அங்க குடுவைய மூடி வச்சு வெளிய இருந்து ஒண்ணும் உள்ள போகாம பாத்துக்கிட்டாங்க. நம்ம வீட்ல அப்படியா, கரண்டி போகுது, கொத்தமல்லி தூவுறோம், தட்டுல இருந்த மிச்சத்த திரும்ப உள்ள ஊத்துறோம், எல்லாத்துலயும் புது கிருமி. எல்லா ஸ்போரும் ஒரே தடவைல முழிக்கிறதும் இல்ல. இன்னொண்ணு, கைல இருந்து வர்ற ஸ்டெஃபைலோகாக்கஸ், சாதத்துல அதிகமா வர்ற பேசில்லஸ் சீரியஸ், இதுங்க ரெண்டும் சாப்பாட்டுலயே விஷத்த போட்டு வச்சிடும், அந்த விஷம் கொதிச்சாலும் அழியாது. கிருமி செத்தாலும் விஷம் இருக்கும். உங்க மிச்ச குழம்ப கொட்டச் சொன்னது இதுக்குத்தான். எத்தன தடவ சுட வைக்கிறோம்கிறத விட எத்தன தடவ மெதுவா ஆற விடுறோம்கிறது தான் கணக்கு.

அம்மா விஷயம். அவங்க வச்சது பெரும்பாலும் சுண்ட வச்ச குழம்பு, தண்ணி வத்தி எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் சுண்டும், உப்பும் ஏறும், புளி ஊத்துனதா இருந்தா புளிப்பும் ஏறும், அந்த எடத்துல இந்த கிருமி வளர கஷ்டப்படும். சின்ன சட்டி, சீக்கிரம் ஆறும். சாப்பிடுற ஒவ்வொரு தடவையும் கொதிக்க வச்சு தான் குடுத்திருப்பாங்க. நீங்க வச்சது தேங்கா அரைச்சு தளதளன்னு இருக்குற பெரிய குண்டா குழம்பா இருந்தா, அது வேற கணக்கு. அதுக்காக சுண்ட வச்சா மூணு நாள் வெளிய வைக்கலாம்னு நான் சொல்லல, அதுவும் கேரண்டி கெடையாது.

குக்கர்ல வேக வச்சா ஸ்போர் சாகாதான்னு அடுத்து கேப்பீங்க. குக்கருக்குள்ள 115, 120 டிகிரி வரைக்கும் போகும், நெறைய சாகும். ஆனா மூடிய தெறந்து தாளிச்சு மசாலா சேத்து கரண்டி விட்ட நிமிஷமே அந்த பலன் போச்சு.

இனிமே இப்படி பண்ணுங்க. சாப்ட்டு முடிச்சதும் மிச்சத்த குண்டாலயே விடாம, அகலமான ரெண்டு மூணு பாத்திரத்துல ரெண்டு இஞ்ச் ஒயரத்துக்கு மேல போகாம பிரிச்சு ஊத்துங்க. சிங்க்ல பச்சத்தண்ணி நிரப்பி அதுல வச்சு அப்பப்ப கெளறுங்க, ஐஸ் இருந்தா தண்ணில போடுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள 60 டிகிரில இருந்து 21க்கு எறக்கி, உடனே ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்கிறது தான் கணக்கு. தெர்மாமீட்டர் இல்லன்னா பாத்திரத்த தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு கைக்கு எதமா இருந்தா அது தான் கிருமிக்கும் எதமான சூடு, அந்த நெலைல ரொம்ப நேரம் விடாதீங்க. லேசா சூடு இருந்தாலும் சின்ன டப்பாவா இருந்தா ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், ஃப்ரிட்ஜ் ஒண்ணும் கெட்டுப் போயிடாது. எடம் இல்லன்னா ரெண்டு கிலோ வாங்காதீங்க, நாலு பேருக்கு ஒரு கிலோ ஒரு வேளைக்கு சரியா இருக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு வேளைக்கு வேணுங்கிறத மட்டும் தனி சட்டில எடுத்து நடுவுலயும் ஆவி பறக்க கொதிக்க வச்சு சாப்பிடுங்க, அத திரும்ப உள்ள வைக்காதீங்க. ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிச்சிடுங்க.

மூணு பேரும் இப்போதைக்கு ஓஆர்எஸ் கரைச்சு அடிக்கடி குடிங்க, பேதிய நிறுத்துற மாத்திரைய நீங்களா போடாதீங்க. ரத்தம் போனாலோ, நல்ல காய்ச்சல் அடிச்சாலோ, ஒண்ணுக்கு போறது கொறஞ்சு தலை சுத்துனாலோ, ரெண்டு நாள் ஆகியும் நிக்கலன்னாலோ அது நான் சொன்ன கிருமியா இல்லாம வேறயா கூட இருக்கலாம், அப்ப டாக்டர்கிட்ட போய் எப்ப என்ன சாப்ட்டீங்கன்னு எனக்கு எழுதுன மாதிரியே நேரத்தோட சொல்லுங்க.