ஸ்டேட்மென்டில் எதற்கு இடம்? டீச்சரின் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: மேற்படிப்பு விண்ணப்பத்தோடு வைக்கும் ஸ்டேட்மென்டில் எதை எழுத, எதை விட? விண்ணப்பிக்கும் படிப்பின் தேர்வு அளவுகோல் பக்கத்தையும் சேர்த்து அனுப்பியவர்கள் நாலு பேர். மற்றவர்கள் ஸ்டேட்மென்டை மட்டும் அனுப்பிவிட்டு, "பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்கிறார்கள். எதை வைத்துப் பார்க்க? அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பேனாவைத் தொடாதீர்கள். போன வருடமும் இதைத்தான் சொன்னேன்.

பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கினேன். முதுகலை விண்ணப்பத்தில் முதல் பத்தியிலேயே சொல்லலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். சி.வி.யில்கூட ஒரு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நாலு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாமல் பாடம் எடுக்கிறேன். சம்பள வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வெளிநாட்டில் படிக்க செவனிங், ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் உதவித்தொகை இரண்டுக்கும் போடப்போகிறேன். பாடம் எடுத்தது அனுபவமாகக் கணக்கில் வருமா? (தக்கலை)

ஒன்றில் வரும், இன்னொன்றில் வராது. செவனிங் கேட்பது இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2800 மணி நேரம். சம்பளம் இல்லாத தொண்டு வேலையையும் அதில் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் இரண்டு வேலையும் சேர்ந்தால் தாராளமாகத் தாண்டிவிடும். ஃபுல்பிரைட்-நேரு கேட்பது மூன்று வருட முழுநேர வேலை, அதுவும் சம்பளத்தோடு, படிக்கப்போகும் துறையைச் சேர்ந்ததாக. "முழுநேர", "சம்பளத்தோடு" என்ற இரண்டு சொல்லையும் நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். அங்கே ஒன்றரை வருடம் போதாது. இந்த முறை அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள். மூன்று வருடம் முடிந்து போடும்போது இந்தப் பாடம் எடுத்த கதை வீணாகாது. சமூகப் பணியும் தலைமையும் அங்கே தனியாகக் கேட்கப்படுகின்றன. அதற்குக் கீழே இது வரும்.

செவனிங் கட்டுரையில் மணிக்கணக்கு எழுதவே வேண்டாம், அதற்கு விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கிறது. தகுதி நிபந்தனை என்பது வாசல். உள்ளே போன பிறகு வாசலைப் பற்றி யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள். கட்டுரையில் தலைமை பற்றிய கேள்விக்கு, உங்களால் வேறு யார் என்ன செய்தார்கள் என்பதுதான் பதில். இன்னும் நாலு பேரை அந்த வகுப்புக்குக் கூட்டி வந்திருந்தால் அதை எழுதுங்கள். தனியாகப் பாடம் எடுத்தது மட்டும்தான் என்றால் அது நல்ல காரியம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடமாக வேலை. கடலோரச் சூழலியல் படிப்புக்கு டாட் அமைப்பின் ஈபாஸ் உதவித்தொகை வழியாக ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கிறேன். ஒக்கிப் புயல் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் எல்லாம் கண் கலங்கினார்கள். ஆனாலும் தைரியம் வரவில்லை, டீச்சர். (தூத்தூர் பக்கம்)

மக்களே, இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல நாளாக மனதில் கிடக்கிறது. 2017 நவம்பர் 30-ஐ நம் கடற்கரையில் யாரும் மறக்கப்போவதில்லை. ஆனால் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ஸ்டேட்மென்ட் என் கைக்கு வருகிறது, எல்லாம் அதே புயலில்தான் தொடங்குகிறது. மரம் சாய்ந்தது, கரண்ட் போனது, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தேன். நர்சிங்குக்கும் அதே, கணினிக்கும் அதே. அளவுகோலில் அதற்கு இடம் இருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நம் ஊரின் பெரிய துக்கத்தைத் தவறான இடத்தில் செலவழிப்பது எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் ஈபாஸ் பக்கத்தை எடுங்கள். பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும் என்பவை வாசல். அவற்றைத் தாண்டிவிட்டீர்கள். ஸ்டேட்மென்டை அவர்கள் கேட்பது இப்போது பார்க்கும் வேலையோடு தொடர்புபடுத்தி. ஏன் விண்ணப்பிக்கிறீர்கள், ஏன் இந்தப் படிப்பு என்று. ஒரு தாளில் மூன்று தலைப்பாக எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதைய வேலை, இந்தப் படிப்பு, திரும்பி வந்து செய்யப்போவது. ஒவ்வொன்றின் கீழும் நீங்களே செய்ததை மட்டும், எப்போது, எத்தனை என்ற விவரத்தோடு வையுங்கள். "நாங்கள் செய்தோம்" என்ற வரியை வைக்காதீர்கள், அதில் உங்கள் பங்கு தெரியாது.

உங்கள் புயல் பக்கத்தை இப்படிப் பிரித்துப் பார்த்தேன். அலையின் உயரம், அம்மாக்களின் அழுகை, பொட்டலம் கொடுத்தது எதுவும் மூன்று தலைப்பிலும் உட்காரவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எந்தப் படகில் யார் போனார்கள் என்று கரையில் முழுப் பட்டியல் இல்லாததால் வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்த்தீர்கள். சங்கத்தில் சேர்ந்த பிறகு, படகு பல நாள் தங்கலுக்குப் போகும் முன் ஆள் பெயர், வீட்டு நம்பர், எத்தனை நாளுக்கு ஐஸ், எந்தத் திசை என்று எழுதும் பதிவேட்டைத் தொடங்கினீர்கள். முதல் வருடம் 12 படகு, இப்போது 40. அந்தப் பதிவேட்டிலிருந்து, சூரை மீனுக்காகப் படகுகள் வருடா வருடம் கூடுதல் நாள் கடலில் கிடக்கின்றன என்று கண்டுபிடித்தீர்கள். இதுதான் உங்கள் ஸ்டேட்மென்ட். இதைக் கடைசியில் போட்டு அலையை முன்னால் போட்டிருக்கிறீர்கள்!

எழுத இரண்டு பக்க இடம் இருக்கிறது. பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பதிவேட்டுக்கும் அதில் தெரிந்ததற்கும் கொடுங்கள். நாள் கூடுவது மீன் குறைந்ததாலா, டீசலும் ஐஸும் தாங்கும் பெரிய படகு வந்ததாலா என்று உங்களால் பிரிக்க முடியவில்லை. அதைப் பிரிக்கும் பாடம் அந்தப் படிப்பில் எது என்று பெயர் சொல்லி எழுத அடுத்த முக்கால் பக்கம். மீதி, திரும்பி வந்து சங்கத்தில் என்ன மாற்றுவீர்கள் என்பதற்கு. புயலுக்கு இரண்டு வாக்கியம், பதிவேடு ஏன் பிறந்தது என்று சொல்ல. கல்லூரிக் கபடியும் என்.எஸ்.எஸ். முகாமும் சி.வி.க்குப் போகட்டும். கண் கலங்குவது குறையும், பரவாயில்லை. உங்கள் வேலை என்ன என்று தெரியாத ஒருவருக்கு இதைக் கொடுத்து, படித்து முடித்ததும் எது மனதில் நிற்கிறது என்று கேளுங்கள். அவர் "பதிவேடு" என்றால் சரி. "புயல்" என்றால் இன்னும் வெட்டுங்கள்.

ஒரே ஸ்டேட்மென்டை ஐந்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். பெயரை மட்டும் மாற்றினேன். ஐந்திலும் இல்லை என்று வந்துவிட்டது. ஏன்? (குழித்துறை)

ஐந்து அளவுகோல் பக்கத்தில் எத்தனையைப் படித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நாலாவது விண்ணப்பத்தில் மூன்றாவது பல்கலைக்கழகத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை இரண்டுக்கு மட்டும் போடுங்கள்.

எராஸ்மஸ் முண்டுஸ் படிப்பு ஒன்றில் மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், ஸ்டேட்மென்டுக்கு 30, பரிந்துரைக் கடிதத்துக்கு 20 என்று போட்டிருக்கிறார்கள். என் மதிப்பெண் சுமார். அதற்கு விளக்கம் எழுதவா? (நாகர்கோவில்)

பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இந்தக் கூட்டுப் படிப்புகளில் ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு, நீங்கள் சதவீதத்தைப் பார்த்ததே நல்லது. மதிப்பெண்ணுக்கான 50, சான்றிதழைப் பார்த்துப் போடுவது. எழுத்தால் அதை நகர்த்த முடியாது. ஒரு பருவம் உடம்பு சரியில்லாமல் விழுந்திருந்தால் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அந்த 30-க்குள் எதைப் பார்ப்பார்கள் என்று கீழே துணைத் தலைப்பு இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள்.

"விரும்பத்தக்கது" என்று போட்டிருக்கும் அனுபவம் என்னிடம் இல்லை. விட்டுவிடலாமா? (கருங்கல்)

விடலாம். "கட்டாயம்" என்பதை நிரப்ப இடம் பற்றாதபோது இதற்காக இழுத்துப் பிடித்து எழுத வேண்டாம். ஆனால் நீங்கள் பார்த்தது போன வருடப் பக்கம். இந்த வருடத்ததை அச்செடுங்கள்.