வீட்டுக்காரர் உள்ளே வர எழுத்தில் சொல்ல வேண்டுமா?

"ஒன்டாரியோவில் பேஸ்மென்ட் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் 'பைப்பைப் பார்க்கணும்' என்று வந்து நிற்கிறார். இது சரியா?"

சரியில்லை. ஒன்டாரியோவின் 2006 குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, பழுது பார்க்கவோ வீட்டின் நிலையைப் பார்வையிடவோ வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதில் எதற்காக, எந்த நாள், எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். நேரம் காலை 8 முதல் இரவு 8-க்குள் அமைய வேண்டும்.

காரணம் எளிது. சுவர் அவருடையதுதான். ஆனால் வாடகைக் காலத்தில் அங்கே வாழும் உரிமை உங்களுடையது. கல்யாண மண்டபத்தை எடுத்த பிறகு, மண்டபக்காரர் மணப்பெண் அறைக்குள் சும்மா நுழைய முடியுமா? அதுபோலத்தான்.

"வியாழன் காலை 10 முதல் 12-க்குள், சமையலறைத் தொட்டியின் கசியும் பைப்பை மாற்ற பிளம்பருடன் வருகிறேன்" என்று செவ்வாய் மாலையே கடிதம் கொடுத்தால் போதும். "இந்த வாரம் ஒருநாள், சில வேலைகளுக்காக" என்று எழுதினால் அது அறிவிப்பே இல்லை. நாளும் இல்லை, நேரமும் இல்லை.

தீ, குழாய் வெடிப்பு போன்ற அவசரத்தில் அறிவிப்பு தேவையில்லை. அவர் வந்து நிற்கும்போது நீங்களே சம்மதித்தாலும் தேவையில்லை.

அப்புறம், அறிவிப்பு என்றால் அனுமதி கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: முறையான அறிவிப்பு கொடுத்துவிட்டால், நீங்கள் வேலைக்குப் போயிருந்தாலும் அவர் உள்ளே வரலாம்.