பள்ளிக் கூரைச் சோலார்: 19,700 யூனிட் கணக்கு

"காட்பாடியில் எங்கள் பள்ளி மாடியில் 10 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 19,700 யூனிட், மூன்றே ஆண்டில் முதல் திரும்பிவிடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?"

அந்த எண் எப்படி வந்தது என்று தெரிகிறது. 10 கிலோவாட், நாளுக்கு 5.4 மணி நேர முழு வெயில், 365 நாள்: 10 × 5.4 × 365 பெருக்கிப் பாருங்கள், 19,710. அதாவது வெயிலை மட்டும் எண்ணியிருக்கிறார், இழப்பு எதையும் கழிக்கவில்லை.

வேலூர் வெயிலில் பெரிய இழப்பு சூடுதான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனல் சுமார் 0.35 சதவீதம் இழக்கும். சித்திரை மதியம் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் போச்சு. ஆண்டுச் சராசரியாகச் சூட்டுக்கு 10, தூசிக்கு 5, வயருக்கும் இன்வெர்ட்டருக்கும் 6, மின்தடைக்கு 3 என வையுங்கள். ஒவ்வொன்றையும் முந்தையதில் மிஞ்சியதிலிருந்து கழித்தால் கடைசியில் மிஞ்சுவது 78 சதவீதம், சுமார் 15,400 யூனிட். இது தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்வுக்கு. தெற்கே தண்ணீர்த் தொட்டி இருந்தால் மார்கழியில் காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் மாடியேறி, நிழல் எதுவரை விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்குள் பேனல் வேண்டாம்.

அடுத்து, போட்ட முதல் திரும்புவது. ஞாயிறும் கோடை விடுமுறையும் பள்ளிக்குப் பயன்பாடு இல்லை. 10,000 யூனிட் நீங்களே செலவழித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சம், மின்வாரியத்துக்குப் போகும் மீதி 5,400-க்கு 3 ரூபாய் எனக் கொண்டால் 96,200. கழுவ, பராமரிக்க 10,000 போக 86,200. செலவு ஐந்தரை லட்சம் என்றால் சுமார் ஆறரை ஆண்டு ஆகும். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.