குப்பை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்

"தொண்டியில் நண்டும் கருவாடும் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறேன். ரெண்டு வாரமாக, பணம் பாக்கி இருக்கிறது என்று ஒரு மெயில் வருகிறது. மேலே ஒரு பட்டன், கீழே ஜன்னல், அத்தை, செங்கல், மேகம் என்று சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் வார்த்தைகள். யாரோ தெரியாமல் அனுப்பிவிட்டார்களா? துபாயில் இருக்கும் மச்சான் அனுப்பிய மெயிலும் போன வாரம் புரியாத எழுத்தாக வந்தது, அதை ஸ்பேம் என்று போட்டுவிட்டேன். போனில் கேட்டால் அது ஆர்டராம். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஸ்பேம் என்று போட்டால் என் நல்ல மெயிலும் அதோடு போய்விடுமா?"

பணம் பாக்கி என்று வந்தது தெரிந்தே செய்தது, மச்சானுடையது தெரியாமல் நேர்ந்தது. நீங்கள் எனக்கு அனுப்பிய பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பணம் பாக்கி மெயிலில் பட்டன் பளிச்சென்று இருக்கிறது, தொகை இருக்கிறது, அனுப்பியவன் உங்களிடம் சொல்ல வந்த ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. அப்புறம் பத்துப் பன்னிரண்டு வெற்று வரிகள், அதற்கும் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் அந்த ஜன்னலும் அத்தையும். மச்சானுடைய மெயிலில் நேர் எதிர்: சலாம் சொன்னதே உடைந்திருக்கிறது, எத்தனை கிலோ, என்ன விலை எல்லாமே உடைந்திருக்கிறது. கைத்தவறு என்றால் சொல்ல வந்த விஷயத்தின் மேலேயே குப்பை விழும். ஏமாற்றுக்காரன் விஷயத்தைச் சுத்தமாக வைத்துவிட்டு, நீங்கள் பார்க்காத இடத்தில் குப்பையைக் கொட்டுவான்.

ஏன் கொட்டுகிறான்? ஒரே மெயிலை லட்சம் பேருக்கு அனுப்பினால், ஸ்பேமைப் பிரித்து ஒதுக்கும் வடிகட்டி அதன் சாயலைப் பிடித்துக்கொண்டு மொத்தமாகத் தடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பிரதியிலும் வாலை மட்டும் மாற்றுகிறான். உங்களுக்கு வந்த இரண்டாவது பிரதியைப் பாருங்கள், அதே பட்டன், அதே தொகை, ஆனால் கீழே செங்கலுக்குப் பதில் சைக்கிளும் வெண்ணெயும். தெரியாமல் செய்கிற தப்பு இப்படி ஒவ்வொரு தடவையும் அளவாக வேறு வேஷம் போட்டு வராது.

இன்னொரு காரணமும் உண்டு. வடிகட்டிகள் சொற்களை எடை போடுகின்றன. 2002-ல் பால் கிரஹாம் என்ற புரோகிராமர் விளக்கிய முறையில், மெயிலில் இருக்கிற சொற்களில் மிகவும் காட்டிக்கொடுக்கிற 15 சொற்களை மட்டும் எடுத்து, அவை உங்கள் பழைய நல்ல மெயிலில் எத்தனை தடவை, கெட்ட மெயிலில் எத்தனை தடவை வந்தன என்று கணக்குப் பார்க்கும். கெட்டுப்போன மீனின் மேல் நல்ல மீனை அடுக்கிப் பெட்டியைத் தள்ளிவிடுகிற மாதிரி, சாதுவான சொற்களைச் சேர்த்தால் கணக்கு தன் பக்கம் சாயும் என்று இவன் நினைக்கிறான். பெரும்பாலும் சாயாது, ஏனென்றால் இதுவரை உங்கள் மெயிலில் வராத 'வெண்ணெய்' எந்தப் பக்கமும் பெரிதாக இழுக்காது, அந்தப் பதினைந்துக்குள்ளேயே வராது. 'ஐஸ், லோடு, நண்டு' என்று உங்கள் தொழில் சொல்லை அவன் தெரிந்து போட்டால்தான் ஆபத்து. அவனுக்கு அது தெரியாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தாராளமாக ஸ்பேம் என்று போடுங்கள். செங்கலும் மேகமும் உங்கள் வியாபாரச் சொற்கள் இல்லை. ஜிமெயில் மாதிரி பெரிய சேவைகள் சொல்லை மட்டும் பார்ப்பதும் இல்லை, அனுப்பியவர் யார், அவருக்கு இதுவரை நல்ல பேரா கெட்ட பேரா என்பதற்கும் நிறைய எடை கொடுக்கின்றன. கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் வைத்திருந்தால் மட்டும் கவனம், அது நீங்கள் சொல்லிக்கொடுப்பதை வைத்தே கற்கிறது. கெட்டதைக் காட்டுவதோடு, அது தப்பாக ஒதுக்கிய நல்லதையும் எடுத்து நல்லது என்று காட்ட வேண்டும்.

ஒளித்து வைத்த வாலும் உண்டு, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து, உள்ளே ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு (பட்டன், லிங்க் மேல் வேண்டாம்) Ctrl+A அழுத்துங்கள். வெறும் இடம் என்று நினைத்தது நீலமாகி, உள்ளே சம்பந்தமில்லாத சொற்கள் தெரிந்தால் முடிந்தது விஷயம். ஒழுங்கான வியாபாரி யாரும் தன் மெயிலில் இப்படிச் சம்பந்தமில்லாத சொற்களை ஒளித்து வைக்க மாட்டார்.

இப்போது மச்சான் மெயில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் எழுதுகிற நம் ஆட்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் வரிக்கு வரி à® à® என்று வருகிறது பாருங்கள். 'தமிழ்' என்ற சொல் இப்படி ஆகிவிடும்:

```
à®¤à®®à®¿à®´à¯
```

யூனிகோடில் எழுதிய மெயிலில் 'ம' மாதிரி ஒவ்வொரு எழுத்தும், அதோடு சேர்கிற கொம்பும் புள்ளியும்கூட, தனித்தனியாக மூன்று மூன்று பைட்டாகப் போகிறது. வாங்குகிற பக்கம் அதை ஐரோப்பிய எழுத்து என்று தப்பாக எடுத்துக்கொண்டால், முதல் இரண்டு பைட்டும் à® அல்லது à¯ ஆகத் தெரியும். அதனால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. இன்னொரு வகை, பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் 'மீன்' என்பது kPd; என்று தெரியும், 'நன்றி' என்பது ed;wp. நடுவில் அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் பாமினியாக இருக்கும், எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் தமிழ் திரும்பி வந்துவிடும். à® வகையோடு மல்லுக்கட்ட வேண்டாம், திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். இரண்டிலும் குப்பைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஒரே எழுத்து எப்போதும் ஒரே மாதிரிதான் உடைகிறது. ஜன்னல், அத்தை, செங்கலில் அந்த ஒழுங்கு கிடையாது. இத்தனை வருஷம் யூனிகோடு வந்தபிறகும் எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து பாமினியில் அறிவிப்பு வருகிறது, நான் அதை மாற்றிப் படிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. கேட்டால் "எங்க சிஸ்டத்துல சரியாத்தான் தெரியுது" என்கிறார்கள். அனுப்புகிறவர் செய்கிற தப்புக்கு வாங்குகிறவர் ஏன் அலைய வேண்டும்?

அதைவிட எனக்குக் கவலை, நம் கரையில் சுற்றுகிற 'பல்க் மெயில்' தரகர்கள். வெளிநாட்டு வாங்குபவர்களின் முகவரி லட்சக்கணக்கில் இருக்கிறது, கட்டாயம் இன்பாக்ஸில் விழும் என்று சொல்லிப் பணம் வாங்குவார்கள். கீழக்கரையில் ஒரு கருவாட்டு வியாபாரி அப்படிக் கொடுத்தார். தரகர் தன் பெயரில் அனுப்பிய மெயில் ஒன்றை அந்த வியாபாரி என்னிடம் காட்டினார், Ctrl+A அடித்தேன், அடியில் முப்பது நாற்பது வெள்ளைச் சொற்கள்! இன்பாக்ஸில் விழும் என்று சொன்னதன் ரகசியம் அதுதான். அதற்குப் பிறகு அவர் தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்டுக்கு அனுப்புகிற உண்மையான இன்வாய்ஸும் ஸ்பேமில் விழ ஆரம்பித்தது. தந்திரம் செய்தது தரகர், பேர் கெட்டது வியாபாரியின் டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருகிற பெயருக்கு. அப்படி யாராவது வந்தால், மாதிரி மெயிலை உங்களுக்கே ஒன்று அனுப்பச் சொல்லி இதே சோதனையைச் செய்யுங்கள்.

பணம் பாக்கி மெயிலின் பட்டனைத் தொடாதீர்கள், அடியில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்று இருப்பதையும் தொடாதீர்கள், தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி Show original பாருங்கள். SPF, DKIM, DMARC என்ற வரிகள் அனுப்பியவர் முகவரி உண்மையா என்று சோதித்ததன் முடிவு, அவற்றில் FAIL இருந்தால் அனுப்பியவர் பெயரை நம்ப வேண்டாம். PASS இருந்தால் அந்த டொமைனிலிருந்து வந்தது என்று மட்டும்தான் அர்த்தம், நல்லவர் என்று இல்லை. ஏற்கெனவே பட்டனை அழுத்திப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

மச்சான் மெயிலை இன்றைக்கே ஸ்பேம் பெட்டியில் தேடி Report not spam அழுத்துங்கள். ஸ்பேமில் கிடப்பதை ஜிமெயில் 30 நாளில் அழித்துவிடும், உங்களுக்கு ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.