சேர்ந்தது 54 பேர், பில் வந்தது 79 பேருக்கு

கேள்வி: "இந்த சீசனில் எங்கள் கல்லூரியில் 54 பேர் சேர்ந்தார்கள். ஏஜென்ட் 41 பேருக்கும் விளம்பர நிறுவனம் 38 பேருக்கும் பில் அனுப்பியிருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு கொடுப்பது?"

குறைந்தது 25 பேர் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள். தானாக வந்து சேர்ந்தவர்களும் இருந்தால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடும். பில்லை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் விசாரணைப் பதிவேட்டைத் திறங்கள்.

இணையப் படிவம், தொலைபேசி, கல்விக் கண்காட்சி என எந்த வழியில் வந்த விசாரணையையும் ஒரே தாளில் சேருங்கள். தொலைபேசி எண்களில் நாட்டுக் குறியீடு, இடைவெளி, முன்பூஜ்யம் ஆகியவற்றை நீக்கி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, விசாரணைத் தேதிப்படி அடுக்குங்கள். எண் B பத்தியில் இருந்தால், பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIF(B$2:B2,B2)
```

1 என்று வரும் வரிதான் முதல் விசாரணை. அந்த வரியில் உள்ள மூலத்துக்கே கணக்கு. 2, 3 என்று வருபவை அதே எண் திரும்ப வந்தவை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அண்ணன், தங்கை இருவருக்கும் அப்பாவின் எண்ணையே கொடுத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே எண் இருக்கலாம். சூத்திரம் இரண்டாமவரைத் திரும்ப வந்தவராகக் காட்டும்; அழித்தால் ஒரு மாணவரே காணாமல் போவார். எனவே 2 அல்லது அதற்கு மேல் வந்த வரிகளில் பெயரையும் கேட்ட பாடப்பிரிவையும் கண்ணால் பாருங்கள். முன்னெழுத்து மட்டும் இடம் மாறியிருந்தால் ஒரே ஆள். பெயரே வேறாக இருந்தால் தனி மாணவர், தனி வரி.

அடுத்து ஏஜென்ட் பட்டியல். அவர் மாணவரின் பெயரைப் பதிந்த நாளுக்கும் அந்த மாணவர் ஆலோசனைக்கு நேரில் வந்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள். மூன்று வாரத்துக்கு முன்பே உங்கள் படிவத்தை நிரப்பியவர், ஏஜென்ட் பட்டியலில் வருகைக்கு முதல் நாள் முளைத்திருந்தால், தானாக வரவிருந்தவரை ஏஜென்ட் வாசலில் மடக்கியிருக்கிறார். வரவேற்பறையிலிருந்து எண்கள் வெளியே போவதும் நடக்கிற கதைதான். வருகைக்கு முன் பதியாத பெயருக்கும், ஏற்கெனவே உங்களிடம் இருந்த எண்ணுக்கும் கமிஷன் இல்லை என்று சீசன் தொடங்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும். இந்த வருடம் அப்படி எழுதவில்லை என்றால், தேதிகளைக் காட்டித்தான் பேச வேண்டியிருக்கும்.

இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம், நிர்வாகம் தினமும் "இன்று எத்தனை விசாரணை?" என்று மட்டும் கேட்பது. அந்த எண்ணைக் காட்டுவதற்காகவே ஊழியர்கள் ஒரே ஆளை மூன்று முறை பதிகிறார்கள். "ஆர்வம் உள்ளவர்", "பரிசீலிக்கிறார்" போன்ற நிலைகளும் வேண்டாம்; புதியதை எழுதும்போது பழையது அழிந்துவிடும். விசாரணை, வருகை, கட்டணம், விலகல் என நான்கு தேதிகள் போதும்.

முன்பணம் கட்டியவரைச் சேர்ந்தவராக எண்ணாதீர்கள். வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததும் பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் இவர்களில்தான் இருப்பார்கள். அந்த 54 பேரில் முதல் தவணை கட்டி வகுப்புக்கு வந்தவர்களுக்கு மட்டும் பில்லைத் தீருங்கள்.