வகுப்புத் தோழியிடம் முதல் பேச்சு: லேப் மேசையிலேயே தொடங்குங்கள்

கேள்வி: நான் இ.சி.இ. இரண்டாம் ஆண்டு. என் லேப் பேட்ச்சில் இருக்கும் ஒரு பெண்ணை ஒரு வருடமாகப் பிடித்திருக்கிறது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்தில் போனாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. செயற்கையாகத் தெரியாமல் முதலில் எப்படிப் பேசுவது மேடம்? அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். ஒரு கிஃப்ட் கொடுத்து ஆரம்பிக்கலாமா?

பதில்: தம்பி, நாக்கு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் என்ன பேசுவது என்று தெரியாததல்ல. ஒரு வருடமாக மனதுக்குள் பேசியதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் ஏற்றப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு இது ஒரு வருடக் கதை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றுமே தொடங்கவில்லை. உங்கள் சுமையோடு நீங்கள் போய் நின்றால், "ஹாய்" என்று சொன்னால்கூட அதன் கனம் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் முதல் பேச்சு லேபைப் பற்றியதாக இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். முடித்து வைப்பது நீங்களாக இருங்கள்.

போன வருடம் என் கவுன்சலிங் அறைக்கு வந்த ஒரு மாணவனுக்கும் இதே நிலைமைதான். வாரம் ஒருநாள் சர்க்யூட்ஸ் லேப், மூன்று மணி நேரம், பக்கத்து மேசையில் அவனுக்குப் பிடித்த பெண். அன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் எக்ஸ்பெரிமென்ட். இவன் சி.ஆர்.ஓ. திரையில் அவுட்புட் வேவ் தலை தட்டையாக வந்தது. திரும்பிக் கேட்டான்: "இங்க மேல தட்டையா வெட்டுது. அங்க ஒழுங்கா வருதா?"

"வருதே. இன்புட் எவ்வளவு?"

"ஐம்பது மில்லிவோல்ட்."

"இருபதுக்குக் குறைச்சுப் பாரு."

குறைத்தான், சரியாக வந்தது. "வந்துடுச்சு, தேங்க்ஸ்" என்று சொல்லித் தன் மேசைக்குத் திரும்பிவிட்டான். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இருக்காது. அடுத்த நாள் என் அறைக்கு வந்து, "சொதப்பிட்டேன் மேடம், வேற எதுவுமே பேசல" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். நான் பார்த்ததில் இதைவிட நல்ல முதல் பேச்சு அபூர்வம். கேட்ட சந்தேகம் நிஜமானது. பதில் சொல்ல அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. பேச்சு முடிந்தபின் இவன் அங்கேயே நின்று வழியவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வேவ் நன்றாக வந்துகொண்டிருக்கும்போது வெட்டுகிறது என்று பொய்யாகக் கேட்டால் பக்கத்து மேசை எட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.

அந்தக் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். அதில் "நீ"யும் இல்லை, "நீங்க"வும் இல்லை. முதல் தடவை பேசும்போது பையன்கள் தடுமாறும் இடமே இதுதான். "நீங்க" என்றால் பேங்க் மேனேஜரிடம் பேசுவது போல இருக்கும். "நீ" என்றால் எடுத்த எடுப்பில் உரிமை எடுத்துக்கொண்டது போல ஆகிவிடுமோ என்று பயம். நம் தமிழில் இரண்டையும் தொடாமல் "அங்க வருதா", "ரெக்கார்ட் சைன் ஆயிடுச்சா" என்று பேச முடியும். அந்தப் பெண் எப்படிப் பேசுகிறாளோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே "பாரு" என்றாளே, அன்றிலிருந்து அவனுக்கு "நீ" வந்துவிட்டது. அவள் "அண்ணா" என்று கூப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இரண்டாவது பேச்சு பெரும்பாலும் தானாக வரும். அந்தப் பெண்ணே அடுத்த வாரம், "கிராஃப் வரைஞ்சாச்சா? எனக்கு ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு" என்றாள். பையன் உடனே, "எனக்கும்தான், எங்க ரூம்ல..." என்று தன் கதையைத் தொடங்கி ஐந்து நிமிடம் நிறுத்தவே இல்லை. பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவள் நீட்டிய நூலை இவன் விட்டுவிட்டான். "ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல்ல லைட் போட விடுவாங்களா?" என்று கேட்டிருந்தால் பேச்சு அவள் பக்கமே இருந்திருக்கும். புதிய தலைப்பைத் தேடாமல், அவர் கடைசியாகச் சொன்ன விஷயத்திலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும்.

பேசி முடித்துவிட்டு ராத்திரி படுத்துக்கொண்டு "என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்" என்று உருட்டிக்கொண்டிருப்பீர்கள். அதற்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2018இல் எரிக்கா பூத்பி என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்து, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள். எதிரில் இருந்தவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்தது, உண்மையில் பிடித்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஆக, நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சொதப்பியிருக்க மாட்டீர்கள். இதைப் படித்ததும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். 1982இல் அன்டோனியா ஏபி செய்த ஆய்வில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஐந்து நிமிடம் பேசினார்கள், வேறு இருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சாதாரணமாக நட்போடு பேசியதை, பெண்களைவிட ஆண்கள் அதிகமாக "விருப்பம்" என்று எடுத்துக்கொண்டார்கள். இருபதுக்குக் குறைச்சுப் பாரு என்று சொன்னது வேவுக்காக, உங்களுக்காக அல்ல. அந்த அளவோடு எடுத்துக்கொண்டால் அடுத்த வாரமும் இயல்பாகப் பேசலாம்.

இனி, பதினாலு வருடமாக நான் கத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தூது. "நான் செட் பண்ணி விடறேன் மச்சான்" என்று ஒருவன் வருவான். எல்லா வகுப்பிலும் வருவான். அவனை நம்பாதீர்கள். அவன் கெட்டவன் என்பதால் சொல்லவில்லை, பாதி பேர் நல்ல பையன்கள்தான். அவன் வாய் திறந்த அன்றே உங்கள் விஷயம் வகுப்பின் விஷயமாகிவிடும் என்பதுதான் காரணம். அந்தப் பெண் நடந்து வரும்போது பின் பெஞ்சில் நான்கு பேர் இருமுவார்கள். உங்கள் பெயரை அவள் காதுபட இழுத்துச் சொல்வார்கள். அதன் பிறகு நீங்கள் போய் "வேவ் வெட்டுது" என்று உண்மையாகவே கேட்டாலும் அவளால் சாதாரணமாகப் பதில் சொல்ல முடியாது. பதில் சொன்னால் "ஓகே சொல்லிட்டா" என்று அறுபது பேர் எழுதிவிடுவார்கள். அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிடிக்காமல் திருப்பினாளா, பயந்து திருப்பினாளா என்று உங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. என் அறைக்கு வரும் இத்தகைய கதைகளில் பாதிக்குமேல் கெட்டுப்போனது இங்கேதான்.

இன்ஸ்டாகிராமில் "பெண்ணை மயக்கும் முதல் வரி" என்று சில நூறு ரூபாய்க்குக் கோர்ஸ் விற்பவர்களும் இதே கூட்டம்தான். ஒரு மாணவன் காசு கொடுத்து வாங்கிய பட்டியலை எனக்குக் காட்டினான். எல்லாம் ஆங்கிலம், எல்லாம் ஏதோ ஊர்க் காபி ஷாப்பில் நின்று பேசுவதற்கானவை. நம் கேன்டீனில் டோக்கன் வரிசையில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அப்புறம், வகுப்பு வாட்ஸப் குரூப்பிலிருந்து நம்பரை எடுத்து இரவு பதினோரு மணிக்கு "ஹாய்" அனுப்புவது. அந்த நம்பர் டைம்டேபிளுக்காகக் கொடுத்தது. உங்களுக்குக் கொடுத்ததல்ல.

பேச விருப்பம் இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே வார்த்தையில் பதில், திரும்பக் கேள்வி இல்லை, கண் நோட்டை விட்டு நகரவில்லை. இவை இருந்தால் விட்டுவிட வேண்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த விலக்கை உண்டாக்கியது நம் கல்லூரிகள்தான். பல இடங்களில் பஸ்ஸில் முன்பாதி பெண்கள், பின்பாதி பையன்கள். கேன்டீனில் தனித்தனி வரிசை. இருவர் நின்று பேசினால் ஐ.டி. கார்டைப் பிடுங்கி அப்பாவைக் கூட்டி வரச் சொல்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பேசியதற்காகவே ஒரு பெண்ணை "கவுன்சலிங்"குக்கு அனுப்பி, என்னிடம் எழுத்துமூலம் அறிக்கையும் கேட்டார்கள். மூன்று வருடம் பேசவே விடாமல் வைத்திருந்துவிட்டு, நான்காம் வருடம் பிளேஸ்மென்ட் வரும்போது குரூப் டிஸ்கஷனுக்குக் காசு கொடுத்துப் பயிற்சியாளரை அழைத்து வருவார்கள்!

இப்படிப்பட்ட இடத்தில் காரிடாரிலோ பஸ் ஸ்டாப்பிலோ கேட்டதற்குக் கிடைத்த ஒற்றை வார்த்தைப் பதிலை உங்களுக்கான பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் நின்றிருக்கலாம், எச்.ஓ.டி. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். பேசத் தடையில்லாத இடத்தில், அதாவது லேபில், வேலை சம்பந்தமாக இன்னும் ஒரே ஒரு முறை பேசிப் பாருங்கள். அங்கேயும் அதே ஒற்றை வார்த்தைதான் என்றால் அதுதான் பதில். முதல் ஒற்றை வார்த்தைப் பதிலே லேபில்தான் கிடைத்தது என்றால் உங்களுக்கு இந்த விலக்கே இல்லை. "வெட்கப்படுகிறாள்" என்று மூன்றாவது வாய்ப்பைத் தேடாதீர்கள். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியபிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி குற்றம். சினிமாவில் ஹீரோ செய்கிறாரே என்று என்னிடம் வாதாடிய பையன்கள் இருக்கிறார்கள்.

கிஃப்ட் வேண்டாம். பேசிப் பழகாத ஒருவரிடமிருந்து வரும் பொருளை வாங்கினாலும் சங்கடம், மறுத்தாலும் சங்கடம். எது செய்தாலும் வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கும். பிறந்தநாளுக்குள் நாலைந்து லேப் வந்து போயிருக்கும் இல்லையா? அப்போது பேசும் பழக்கம் வந்திருந்தால், பிறந்தநாளன்று ஒரு "ஹேப்பி பர்த்டே" சொல்லிவிட்டு ப்ரெட்போர்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் அன்றைக்கு அது உங்களுக்குத் தெரிந்த தேதி என்பதையே காட்டிக்கொள்ள வேண்டாம்.